கூட்டத்தில் மயங்கி விழுபவரை ஏன் தூக்கி நிறுத்தக் கூடாது?

2024 அக்டோபர் 6ஆம் தேதி, விமானப் படையின் சாகச நிகழ்ச்சியைப் பார்க்க மெரினாவில் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். நண்பகல் வெயிலில், நிழலே இல்லாத மணற்பரப்பில் நின்றவர்களில் பலர் மயங்கி விழுந்தார்கள். ஐந்து பேர் உயிரிழந்தார்கள். அடுத்த சில நாட்கள் மயக்கம், மூச்சுத்திணறல், வெயில் தாக்கம், மாரடைப்பு என்ற சொற்கள் செய்திகளில் ஒன்றோடொன்று கலந்து வந்தன. இவை நான்கும் வேறு வேறு நிலைகள். முதலுதவியும் ஒவ்வொன்றுக்கும் மாறும்.

இவற்றில் மிக அதிகமாக நிகழ்வதும், பெரும்பாலும் ஆபத்தில்லாமல் முடிவதும் நின்றுநின்று வரும் மயக்கம்தான். அதை ஆபத்தாக மாற்றக்கூடியது, சுற்றி நிற்பவர்களின் நல்லெண்ணம். விழப் போகிறவரைத் தாங்கிப் பிடித்து நிறுத்திவைக்கிறோம். உடலுக்குத் தேவைப்படுவதோ அதற்கு நேர்மாறானது. ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

## எதை மயக்கம் என்கிறோம்

மூளைக்குப் போகும் இரத்தம் திடீரென்று குறைந்து, சில நொடிகள் முதல் ஒரு நிமிடம் வரை நினைவு தப்பி, தானாகவே திரும்பி வருவது மயக்கம். 'தானாகவே' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. படுத்த நிலையில் ஒரு நிமிடத்துக்கு மேலாகியும் நினைவு திரும்பவில்லை என்றால் அது சாதாரண மயக்கம் அல்ல என்று முடிவு செய்து செயல்பட வேண்டும்.

தலைசுற்றல், கிறுகிறுப்பு, கண் இருட்டிக்கொண்டு வருதல் ஆகியவை மயக்கத்துக்கு முந்தைய படிகள். அந்தப் படியிலேயே நிறுத்திவிட்டால் யாரும் விழ வேண்டியதில்லை.

## அசையாமல் நிற்கும்போது உள்ளே நடப்பது

1. படுத்திருப்பவர் எழுந்து நின்றவுடன் அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை இரத்தம் கால்களுக்கும் அடிவயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. மொத்த இரத்தமே ஏறத்தாழ 5 லிட்டர்தான்.

2. கழுத்துத் தமனியிலும் இதயத்துக்கு மேலுள்ள பெருந்தமனியிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அழுத்தம் குறைவதை அவை மூளைக்குத் தெரிவிக்கின்றன. இதயம் சற்று வேகமாகத் துடிக்கிறது, இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இந்தச் சரிக்கட்டல் நாள் முழுவதும் நமக்குத் தெரியாமலே நடக்கிறது.

3. கால்களுக்கு இறங்கிய இரத்தத்தை மேலே ஏற்றுவது கெண்டைக்கால் தசைகளின் வேலை. தசை சுருங்கும்போது அதற்குள் ஓடும் சிரைகள் பிழியப்பட்டு இரத்தம் மேலேறுகிறது. சிரைகளுக்குள் உள்ள வால்வுகள் அதைத் திரும்ப இறங்கவிடுவதில்லை. அசையாமல் நிற்பவரின் கணுக்காலில் சிரை அழுத்தம், இரத்த அழுத்தத்தை அளக்கும் அதே பாதரச அளவில், ஏறத்தாழ 90 மில்லிமீட்டர். அவர் சில அடிகள் நடந்தாலே அது 30க்குக் கீழே வந்துவிடும். நான்கு மணி நேரம் நடப்பவர் மயங்குவதில்லை, நாற்பது நிமிடம் விறைத்து நிற்பவர் மயங்குகிறார் என்பதற்குக் காரணம் இதுதான்.

4. அந்த அழுத்தம் தொடர்ந்தால் இரத்தத்தின் நீர்ப்பகுதி மெல்ல மெல்லக் குழாய்களை விட்டுக் கசிந்து கால் திசுக்களுக்குள் போகிறது. அரை மணி நேரம் அசையாமல் நின்றாலே இரத்தத்தின் நீர்ப்பகுதியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இப்படி வெளியேறிவிடும். வரிசையில் நின்றுவிட்டு வந்தவரின் செருப்பு இறுக்கமாகத் தோன்றுவதும் இதனால்தான்.

பள்ளிக் காலை வழிபாட்டில் முழங்காலை விறைப்பாக வைத்து 'அட்டென்ஷனில்' நிற்கும் மாணவர்களும் அணிவகுப்பு ஒத்திகையில் நிற்கும் போலீசாரும் மயங்கி விழுவது பலவீனத்தால் அல்ல. விறைத்து நிற்கும்போது கெண்டைக்கால் வேலைசெய்வதில்லை. ஆரோக்கியமான இருபது வயதுக்காரருக்கும் இது வரும்.

## சென்னை வெயில் இதில் எங்கே வருகிறது

வெப்பத்தைக் கழிக்க உடலுக்கு இரண்டு வழிகள்: தோலுக்கு அதிக இரத்தத்தை அனுப்புவது, வியர்ப்பது. சாதாரணமாகத் தோலுக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் குறைவாகவே இரத்தம் போகிறது. கடும் வெப்பத்தில் இது பல மடங்கு பெருகி, 6 லிட்டருக்கு மேலும் போகலாம். ஓய்வாக இருப்பவரின் இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றுவது சுமார் 5 லிட்டர். ஆகவே கால்கள் ஒரு பக்கம் இரத்தத்தைப் பிடித்துவைத்துக்கொள்ள, தோல் இன்னொரு பக்கம் வாங்கிக்கொள்ள, மூளைக்கு உரிய பங்கைக் காப்பதற்கு இதயம் திணறுகிறது. குழாய்களைச் சுருக்க வேண்டிய நேரத்தில் வெப்பம் அவற்றை விரிக்கச் சொல்கிறது.

இரண்டாவது வழியான வியர்வை சென்னையில் பாதிதான் பயன்படும். உடலைக் குளிர்விப்பது வியர்வை ஆவியாவதுதான். வழிந்து சட்டையை நனைக்கும் வியர்வையால் நீரும் உப்பும் நஷ்டமாகுமே தவிர குளிர்ச்சி கிடைக்காது. கடற்கரை நகரின் ஈரப்பதம் ஆவியாதலைத் தடுக்கிறது. அதனால்தான் 42 டிகிரி வேலூரை விட 35 டிகிரி சென்னை சில நாட்களில் அதிகமாகப் புழுங்குகிறது. நெரிசலில் நிலைமை இன்னும் மோசம். நாலாபுறமும் உடல்கள் இருப்பதால் காற்று தோலைத் தொடுவதில்லை. பக்கத்தில் நிற்பவரின் உடல் வெப்பமும் நம்மேல் வந்து சேர்கிறது.

இன்னொரு காரணம் எந்த வானிலை அறிக்கையிலும் வராது. கூட்டங்களுக்குப் போகும் பெண்கள் பலர் கழிப்பறை கிடைக்காது என்று தெரிந்தே காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் வரிசையில் நிற்கத் தொடங்கும்போதே உடலில் நீர் குறைவாக இருக்கிறது. விழா ஏற்பாட்டாளர்கள் தண்ணீர்ப் பந்தலை மட்டும் அமைத்துவிட்டு, கழிப்பறையை மறந்துவிட்டால் பந்தல் பாதிதான் பயன்படும்.

## ஒரு பங்குனி மாலையின் கணக்கு

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் அறுபத்து மூவர் விழாவுக்கு மாட வீதியில் காத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எண்கள் எளிமைக்காகத் தோராயமாக வைக்கப்பட்டவை. வயது 58. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அதில் ஒன்று சிறுநீரைப் பெருக்கும் 'நீர் மாத்திரை'. விரதம் என்பதால் காலையில் ஒரு காபியோடு சரி. நல்ல இடம் வேண்டும் என்று இரண்டு மணிக்கே வந்துவிட்டார்.

இதய மட்டத்தில் அவருடைய அழுத்தத்தின் மேல் அளவு 120. நிற்கும் ஒருவரின் மூளை இதயத்தைவிட ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்துக்கு இரத்தத்தை ஏற்றுவதற்கே 23 மில்லிமீட்டர் செலவாகிவிடும். ஆக, மூளைக்குக் கிடைப்பது 97. இது போதுமானது.

மூன்றரை மணி. வியர்வை, கால்களில் தேங்கிய இரத்தம், திசுக்களில் கசிந்த நீர், காலையில் சாப்பிட்ட நீர் மாத்திரை எல்லாம் சேர்ந்து மேல் அளவு 95 ஆகிவிட்டது. மூளைக்கு 72. அவருக்குக் கொட்டாவி வருகிறது, காது அடைப்பதுபோல் இருக்கிறது, வயிற்றைப் புரட்டுகிறது. இதயம் படபடக்கிறது, அதாவது உடல் இன்னும் போராடிக்கொண்டிருக்கிறது.

அடுத்து நடப்பதுதான் விசித்திரம். இதயம் வேகமாகத் துடித்துக்கொண்டே இருக்க வேண்டிய கட்டத்தில், நரம்பு மண்டலம் திடீரென்று எதிர்த்திசையில் திரும்புகிறது. வேகஸ் என்ற நரம்பின் வழியே இதயத் துடிப்பு மந்தமாகிறது, சுருங்கியிருந்த குழாய்களும் தளர்ந்துவிடுகின்றன. மேல் அளவு 60க்கு விழுகிறது. மூளைக்கு 37. முதலில் பார்வை போகும், ஏனென்றால் கண்ணுக்குள்ளேயே ஓர் அழுத்தம் உண்டு. அதைத் தாண்டி இரத்தம் நுழைய வேண்டியிருப்பதால் விழித்திரைதான் முதலில் பட்டினி கிடக்கிறது. முகம் வெளுத்து, சில்லென்று வியர்த்து, சில நொடிகளில் நினைவும் போகிறது.

இப்போது அவர் தரையில் சாய்ந்தால் மூளையும் இதயமும் ஒரே மட்டத்துக்கு வருகின்றன. உயரத்துக்காகச் செலவான 23 உடனே மிச்சம். கால்களில் தேங்கிய இரத்தமும் திரும்பி வருகிறது. சில நொடிகளில் கண் திறப்பார். அடிபடாமல் விழ முடியுமானால், விழுவதே மருந்து.

ஆனால் அன்றைய கூட்டத்தில் விழ இடமில்லை. பின்னால் நிற்பவர்களின் மேல் சாய்கிறார். இருவர் அக்குளில் கைகொடுத்து நிமிர்த்துகிறார்கள், ஒருவர் நாற்காலி கேட்டுக் கத்துகிறார், ஒருவர் வாயில் தண்ணீர் ஊற்றப் பார்க்கிறார். மூளை அதே 37இல் நிற்கிறது. நிமிர்ந்த நிலை நீடித்தால் நினைவு திரும்பத் தாமதமாகும், கைகால் வெட்டி இழுக்கும், மூளைக்கும் இதயத்துக்கும் உண்மையான சேதம் நேரலாம். சில நொடிகளில் முடிந்திருக்க வேண்டிய ஒன்றைத் தாங்கிப் பிடித்த கைகளே நீட்டிவிடுகின்றன.

## விழுவதற்கு முன் இருக்கும் நேரம்

கொட்டாவி, குமட்டல், காதடைப்பு, குளிர்ந்த வியர்வை, பார்வை மங்கல் ஆகியவற்றில் ஏதேனும் தொடங்கிய பிறகு பெரும்பாலும் அரை நிமிடமாவது கிடைக்கும். அதற்குள் செய்யக்கூடியவை:

1. வெட்கப்படாமல் தரையில் உட்காருங்கள், முடிந்தால் படுங்கள். இடமே இல்லை என்றால் குந்தி உட்கார்ந்து தலையைக் குனியுங்கள். குந்தும்போது தொடையும் வயிறும் அழுத்தப்பட்டு இரத்தம் உடனே மேலேறும். உடன் வந்தவர்களிடம் சொல்லிவிட்டுக் குந்துங்கள்; நகரும் கூட்டத்தில் குனிந்திருப்பவரை யாரும் பார்க்க மாட்டார்கள்.

2. குந்தவும் முடியாவிட்டால் கால்களைக் கத்தரிபோல் குறுக்காக வைத்து, தொடை, பிட்டம், வயிறு எல்லாவற்றையும் இறுக்குங்கள். கூடவே ஒரு கையின் விரல்களை மறு கையால் கொக்கிபோல் பிடித்து, இரு பக்கமும் இழுங்கள். அழுத்தம் சில நொடிகளில் ஏறும். இது உட்காரவோ படுக்கவோ இடம் பிடிப்பதற்கான அவகாசம்தான், தொடர்ந்து நிற்பதற்கான அனுமதி அல்ல.

3. அவசரப்பட்டு நடந்து வெளியேறப் பார்க்காதீர்கள். கண் இருட்டத் தொடங்கிய பிறகு நடப்பவர்கள்தான் படிக்கட்டிலும் நடைமேடை விளிம்பிலும் விழுந்து தலையில் அடிபடுகிறார்கள்.

அறிகுறி வருவதற்கு முன்பே, நிற்கும்போது சில நிமிடங்களுக்கு ஒருமுறை குதிகாலை உயர்த்தி இறக்குவதும் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எடையை மாற்றுவதும் கெண்டைக்காலை வேலை வாங்கும். நிற்கத் தொடங்குவதற்குச் சற்று முன் அரை லிட்டர் தண்ணீர் குடிப்பதும் பலருக்கு உதவும். இரத்த தானம் செய்பவர்களைத் தண்ணீர் குடிக்கச் சொல்வதும் இதே காரணத்தால்தான். வெறும் வயிற்றோடு நிற்க வேண்டாம்.

## விழுந்தவருக்கு முதல் ஐந்து நிமிடங்கள்

1. தரையில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். தலைக்கு அடியில் துண்டோ பையோ வைக்க வேண்டாம். நான்கு பேர் அவருக்கு முதுகைக் காட்டி, வெளியே பார்த்தபடி கைகோத்து நின்றால் இடம் கிடைக்கும். மிதிபடும் அளவுக்கு நெரிசல் என்றால் படுக்கவைப்பது ஆபத்து. அப்போது தோளையும் முழங்காலையும் பிடித்து, படுத்த வாக்கிலேயே ஓரத்துக்குத் தூக்கிச் செல்லுங்கள். கைத்தாங்கலாக நடத்திச் செல்ல வேண்டாம்.

2. தட்டிக் கூப்பிடுங்கள், மார்பு ஏறி இறங்குகிறதா என்று பத்து நொடி பாருங்கள். மூச்சு இல்லை, அல்லது விட்டுவிட்டுக் குறட்டைபோல் இழுக்கிறார் என்றால் இது மயக்கமே அல்ல. உடனே ஒருவர் 108ஐ அழைக்க, இன்னொருவர் மார்பின் நடுவில் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தொடங்க வேண்டும்.

3. மூச்சு சீராக இருந்தால் கால்களை ஓர் அடி உயர்த்திப் பிடியுங்கள். விழுந்ததில் காலிலோ இடுப்பிலோ எலும்பு முறிந்திருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் உயர்த்த வேண்டாம். நிறைமாதத்தை நெருங்கும் கர்ப்பிணியை இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைக்க வேண்டும். மல்லாக்கப் படுத்தால் கருப்பை பெரிய சிரையை அழுத்தி, அழுத்தத்தை மேலும் குறைக்கும். வாந்தி எடுப்பவரையும் பக்கவாட்டில் திருப்புங்கள்.

4. சட்டைக் காலர், பெல்ட், இறுக்கமான இடுப்புத் துணி ஆகியவற்றைத் தளர்த்துங்கள். விசிறுங்கள், முகத்தையும் கையையும் ஈரத் துணியால் துடையுங்கள்.

5. நினைவு முழுதாகத் திரும்பி, அவரே தம்ளரைப் பிடித்துக் குடிக்கும்வரை வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள். அரை மயக்கத்தில் ஊற்றிய தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போகும். சோடாவும் அப்படித்தான்.

கைகால் சில நொடி வெட்டுவதைப் பார்த்ததும் யாரோ ஒருவர் சாவிக்கொத்தை எடுத்து உள்ளங்கையில் திணிப்பார். மூளைக்கு இரத்தம் குறையும்போது சாதாரண மயக்கத்திலும் இப்படிச் சற்று வெட்டி இழுக்கும். கண் மேலே செருகும். அது பெரும்பாலும் வலிப்பு நோய் அல்ல. வலிப்பாகவே இருந்தாலும் இரும்பு அதை நிறுத்தாது. வலிப்பு ஒன்றிரண்டு நிமிடம் தாளகதியில் நீடிக்கும். நின்ற பிறகும் வெகுநேரம் குழப்பம் இருக்கும். மயக்கத்தில் கண் திறந்த சில நொடிகளில் பெயரையும் இடத்தையும் சரியாகச் சொல்லிவிடுவார்.

## எப்போது இது வேறொன்று

ஹீட் ஸ்ட்ரோக். உடலின் உள் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி மூளை தடுமாறும் நிலை. படுக்கவைத்தும் தெளிவு வராது. உளறுவார், எரிந்து விழுவார், ஆளை அடையாளம் தெரியாது. நெற்றியும் மார்பும் கொதிக்கும். தோல் காய்ந்திருந்தால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று நினைக்க வேண்டாம், வியர்த்தபடியும் வரும். இங்கே ஆம்புலன்ஸுக்காகக் கைகட்டிக் காத்திருக்கக் கூடாது. 108ஐ அழைத்துவிட்டு உடனே குளிர்விக்க வேண்டும்: உடை மேல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே பலமாக விசிற வேண்டும், ஐஸ் கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வைக்க வேண்டும். பாரசிட்டமால் இதற்கு உதவாது. இது காய்ச்சல் அல்ல.

இதயம். முன்னறிகுறி ஏதுமின்றி மரம்போல் சாய்ந்தவர், ஓடும்போதோ படியேறும்போதோ விழுந்தவர், நெஞ்சுவலி உள்ளவர், குடும்பத்தில் இளம் வயதில் திடீர் மரணம் நேர்ந்தவர் ஆகியோருக்கு வெயிலைக் காரணம் சொல்லி விட்டுவிட முடியாது. அன்றே இசிஜி எடுக்க வேண்டும்.

சர்க்கரை குறைதல். மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் வந்த நீரிழிவுக்காரர் என்றால், விழுங்கும் நிலையில் இருந்தால் மட்டும் சர்க்கரையோ இனிப்புப் பானமோ கொடுங்கள். நினைவில்லாதவரின் வாயில் சர்க்கரையைத் திணிப்பது மூச்சை அடைக்கும்.

நெரிசலில் மூச்சு முட்டுதல். மார்பு விரிய இடமில்லாமல் போவதே இதன் காரணம். தண்ணீரும் நிழலும் இதற்குத் தீர்வாகாது. அழுத்தும் கூட்டத்திலிருந்து வெளியே எடுப்பதுதான் முதல் வேலை. மூச்சு இருக்கிறதா என்று உடனே பாருங்கள்.

## எழுந்த பிறகு

நினைவு வந்தவுடன் எழுந்து நிற்கவே எல்லோரும் விரும்புவார்கள். சுற்றி இத்தனை பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சம். இரண்டாவது முறை விழுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். பத்துப் பதினைந்து நிமிடம் படுத்திருக்கட்டும். பிறகு சில நிமிடம் உட்காரட்டும். எழும்போது தொடையையும் கைகளையும் இறுக்கியபடி, ஒருவர் பக்கத்தில் நிற்க, மெல்ல எழட்டும். மீண்டும் கண் இருட்டினால் மறுபடியும் படுக்கவையுங்கள்.

குடிக்க ஓஆர்எஸ் நல்லது; பெரிய பாக்கெட்டை முழுதாக 1 லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும், ஒரு தம்ளரில் பாதிப் பாக்கெட் கரைப்பது தவறு. அது இல்லாதபோது 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். பந்தலில் தரும் உப்புப் போட்ட நீர்மோர் இந்தச் சூழலுக்குப் பொருத்தமானது. இளநீரில் பொட்டாசியம் அதிகம், வியர்வையில் போன சோடியம் குறைவு. குடிக்கலாம், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். சிறுநீரகக் கோளாறோ இதயச் செயலிழப்போ உள்ளவர்கள் உப்பையும் நீரையும் மருத்துவர் சொன்ன அளவுக்குள்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதல்முறை மயங்கிய 60 வயதுக்கு மேற்பட்டவர்கள், கர்ப்பிணிகள், விழுந்ததில் தலையில் அடிபட்டவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் நன்றாகத் தெளிந்துவிட்டாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். போகும்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளை எல்லாம் எடுத்துச் செல்லுங்கள். இரத்த அழுத்த மாத்திரை, நீர் மாத்திரை, வயதான ஆண்கள் புராஸ்டேட் வீக்கத்துக்கு எடுக்கும் மாத்திரைகள் சில ஆகியவை நிற்கும்போது அழுத்தத்தை இறக்கும். கோடைக்கு மட்டும் அளவையோ நேரத்தையோ மாற்ற முடியுமா என்பது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. விழாவுக்குப் போகும் நாளில் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடுவதும் ஆபத்துதான்.